256 ஜிபி என்று அச்சடித்த கார்டில் 29 ஜிபிதான் இருந்தது

மெமரி கார்டோ பென் டிரைவோ ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அக்கா மகனின் காதுகுத்து வீடியோவில் பாதி எனக்குப் போய்விட்டது, இனி அது திரும்ப வராது.

விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்பே 256 ஜிபி கார்டு ஒன்றை ஆர்டர் செய்தேன். விலை மற்றதில் பாதிகூட இல்லை. விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 256 ஜிபி, பக்கத்தில் 'அதிவேகம்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கும், எழுதும் வேகம் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. வந்ததும் கேமராவில் போட்டுப் பார்த்தேன், 238 ஜிபி காட்டியது, சரி என்று மேசை டிராயரில் வைத்துவிட்டேன். 7 நாள் ரிட்டர்ன் காலம் அங்கேயே கழிந்தது.

குலதெய்வக் கோயிலில் விடியற்காலை பொங்கல் வைத்ததில் இருந்து நாலரை மணி நேரம் எடுத்தேன். கேமரா 4 ஜிபிக்கு ஒன்றாக உடைத்து 12 கோப்புகள் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் பெயர், அளவு எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் முதல் 7தான் ஓடுகின்றன. எட்டாவதில் இருந்து எதுவும் திறக்கவில்லை. மொட்டை போட்டது இருக்கிறது. மாமா மடியில் உட்கார வைத்துக் காது குத்தியது, அம்மாச்சி கம்மல் போட்டுவிட்டது, இரண்டுமே இல்லை.

டேட்டா மீட்கும் கடைக்காரர் ஒன்பதாவது கோப்பைத் திறந்து காட்டினார், திரை முழுக்க வெறும் பூஜ்ஜியம். "அண்ணே, இது அழிஞ்சது இல்ல, எழுதவே இல்ல. எழுதாததை எப்படி எடுக்கிறது?" என்றார். அவர் சொன்னது இதுதான்: உள்ளே இருக்கும் சிப் 32 ஜிபி. அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் மட்டும் 256 என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். கேமராவும் கம்ப்யூட்டரும் அளவைக் கேட்பது அந்தக் கன்ட்ரோலரிடம்தான். பெயர்ப் பட்டியல் கார்டின் ஆரம்பத்தில் இருப்பதால் அது பத்திரமாக இருக்கும், சிப் நிறைந்த பிறகு வருவதெல்லாம் காற்றில் போகும். சில போலி கார்டுகள் திரும்ப முதலில் இருந்து எழுதி, இருக்கும் நல்ல கோப்புகளையும் கெடுத்துவிடுமாம்.

அதனால் பிராப்பர்ட்டீஸில் அளவைப் பார்ப்பது சோதனையே ஆகாது. முழுக்க எழுதி, முழுக்கத் திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். விண்டோஸில் H2testw, லினக்ஸில் f3, இரண்டும் இலவசம். காலி கார்டில் இப்படி (பாதையை உங்கள் கார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்):

```
f3write /media/card
f3read /media/card
```

எனக்கு எழுத 8 மணி நேரம், படிக்க 4 மணி நேரம் ஆனது. Data OK என்ற வரியில் 29 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, Data LOST என்ற வரியில் மீதி 209 ஜிபி. இதை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டும்.

அடுத்த கார்டு வாங்கியபோது விற்பனைப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். '128 ஜிபி, பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 119 ஜிபி, V30' என்று போட்டிருந்ததை எடுத்தேன். அதன் கீழேயே ஒருவர் 9 ஜிபி திருடிவிட்டதாக ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார், பாவம் அந்தக் கடைக்காரர். அது திருட்டு இல்லை. தயாரிப்பவர்கள் 12,800 கோடி பைட்டை 128 ஜிபி என்கிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் மூன்று முறை வகுத்து 119 என்று காட்டுகிறது. இதை முன்கூட்டியே எழுதி வைக்கிற விற்பனையாளரை நான் கொஞ்சம் நம்புவேன். ஆனால் பொய்யாகவும் எழுதலாம் என்பதால் இந்தக் கார்டையும் சோதித்துவிட்டுத்தான் கேமராவில் போட்டேன்.

வேகத்திலும் இதே கதைதான். அட்டையில் பெரிதாகப் போடும் நொடிக்கு 100 எம்பி பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோ எடுக்க வேண்டியது எழுதும் வேகம், அதற்குத்தான் V30 முத்திரை: தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது என்று அர்த்தம். வட்டத்துக்குள் 10 என்று இருந்தால் குறைந்தபட்சம் 10 எம்பிதான். பென் டிரைவில் 'யூஎஸ்பி 3.0' என்பது இணைப்பின் வகை மட்டுமே. என்னிடம் இருக்கும் ஒரு 3.0 டிரைவ் எழுதும்போது நொடிக்கு 12 எம்பியைத் தாண்டியதே இல்லை.

விற்றவருக்கு f3read முடிவைப் படம் எடுத்து அனுப்பினேன், ரிவ்யூவும் போட்டேன். ரிவ்யூவை நீக்கினால் பாதிப் பணம் தருகிறேன் என்றார். நீக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் அதே படத்தோடு புகார் பதிந்த பிறகு முழுப் பணமும் வந்தது. அக்காவிடம் அந்த 7 கோப்புகளை மட்டும் கொடுத்திருக்கிறேன்.