முகவரிக்கு ஒரு எண், எண் வரிசையில் ஒரு சுற்று: மளிகை டெலிவரிக்கு வளைகோட்டு முறை, நீண்ட நாள் பயன்பாட்டில்

தினமும் பத்து முதல் நாற்பது வீடுகளுக்குச் சரக்கு அனுப்பும் சிறிய மளிகைக் கடைக்கு, எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பது காலையில் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை. பத்து முகவரிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அவற்றை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. அத்தனையையும் ஒப்பிட்டு ஆகச் சிறந்ததைத் தேடுவதைவிட, போதுமான அளவு நல்ல வரிசையை உடனே தரும் எளிய விதி ஒன்று கையில் இருப்பதே கடைக்கு உதவும். இங்கே பேசப்போவது அப்படிப்பட்ட ஒரு விதியைப் பற்றி. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரே ஒருமுறை எண் கொடுத்துவிட்டு, அன்றன்றைய ஆர்டர்களை அந்த எண் வரிசையில் அடுக்குவதுதான் அது.

இதன் வேர் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருக்கிறது. முதியோரின் வீடுகளுக்கு உணவு கொண்டுபோகும் திட்டம் ஒன்றுக்காக ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பார்தோல்டியும் லோரன் பிளாட்ஸ்மேனும் கணினியே தேவைப்படாத ஒரு முறையை அமைத்தார்கள். பரப்பு முழுவதையும் இடம் விடாமல் தொட்டுச் செல்லும் ஒரு வளைகோட்டை வரைபடத்தின் மேல் போட்டு, அந்தக் கோட்டில் ஒவ்வொரு வீடும் எத்தனையாவதாக வருகிறது என்பதை அட்டையில் எழுதி, அட்டைகளை வரிசையாக அடுக்கினார்கள். புதியவர் சேர்ந்தால் ஓர் அட்டையைச் செருகுவார்கள், நின்றுபோனால் எடுத்துவிடுவார்கள். மளிகைக் கடைக்கும் இதே குணம்தான் வேண்டும். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், ஆனால் இன்று யார் ஆர்டர் போடுவார்கள் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

செய்முறை இதுதான். டெலிவரி போகும் பகுதியின் வரைபடத்தை எடுத்து, எல்லா முகவரிகளும் உள்ளே அடங்கும்படி ஒரு சதுரம் வரைய வேண்டும். அதை எட்டுக்கு எட்டாக 64 கட்டங்களாகப் பிரித்து, கீழே உள்ளபடி எண்களை எழுத வேண்டும். சதுரம் 4 கி.மீ. அகலம் என்றால் ஒரு கட்டம் 500 மீட்டர் வரும்.

```
26 27 28 31 | 32 35 36 37
25 24 29 30 | 33 34 39 38
22 23 18 17 | 46 45 40 41
21 20 19 16 | 47 44 43 42
10 11 12 15 | 48 51 52 53
 9  8 13 14 | 49 50 55 54
 6  7  2  1 | 62 61 56 57
 5  4  3  0 | 63 60 59 58
```

விரலை 0-இல் வைத்து 1, 2, 3 என்று தொடர்ந்தால் ஒவ்வோர் அடியும் பக்கத்துக் கட்டத்துக்கே போகும். 63-க்கு அடுத்து மீண்டும் 0, அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. இது மூர் வளைகோடு. பலருக்கும் பழக்கமான ஹில்பர்ட் வளைகோட்டை எடுத்தால் தொடக்கமும் முடிவும் சதுரத்தின் இரண்டு மூலைகளில் போய் நிற்கும். கடையில் கிளம்பிக் கடைக்கே திரும்பும் சுற்றுக்கு, தலையும் வாலும் சேரும் மூர் கோடுதான் பொருத்தம்.

எண்ணைக் கட்டத்தோடு நிறுத்திவிட்டால் போதாது. ஒரே கட்டத்தில் நான்கு வீடுகள் இருந்தால் 41.2, 41.4, 41.6, 41.8 என்று, அந்தக் கட்டத்துக்குள் தெரு போகும் ஒழுங்கில் தசமம் சேர்க்க வேண்டும். நடுவே இடைவெளி விடுவது முக்கியம். அடுத்த மாதம் 41.4-க்கும் 41.6-க்கும் நடுவில் ஒரு வீடு வந்தால் 41.5 என்று போட்டுவிடலாம், மற்ற எண்களைத் தொட வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் ஏழெட்டு வீடுகளுக்கு மேல் சேரும்போதுதான், அந்தக் கட்டத்தை மட்டும் நான்காகப் பிரித்து உள் வரிசையை மறுபடி யோசிக்க வேண்டிவரும்.

விரிதாளில் வைத்திருப்பவர்கள் எண் இருக்கும் நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஒரு சூத்திரம் போட்டுக்கொண்டால் போதும். கடை 16-ஆம் கட்டத்தில், எண் D நெடுவரிசையில் இருக்கிறது என்றால்:

```
=MOD(D2-16,64)
```

இந்த விடையை ஏறுவரிசையில் அடுக்கினால் கடையிலிருந்து கிளம்பும் ஒழுங்கு தானாக வந்துவிடும். 20-க்கு 4 வரும், 2-க்கு 50 வரும். அதனால் 2 பட்டியலின் பின்பகுதிக்குப் போய்விடும். கடைக்கு மிக அருகில், அதே கட்டத்தில் இருக்கும் வீடுகளைக் கையால் முதலிலோ கடைசியிலோ வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கடை 16-இல். ஆர்டர்கள் 2, 8, 20, 25, 30, 35, 41, 47, 53, 57 என்ற கட்டங்களிலிருந்து வந்திருக்கின்றன. சூத்திரம் தரும் வரிசை: கடை, 20, 25, 30, 35, 41, 47, 53, 57, 2, 8, மறுபடி கடை. தெருக்கள் நேர்க்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன என்று வைத்துக் கட்டங்களை எண்ணினால் மொத்தம் 36 கட்டம், அதாவது 18 கி.மீ. வருகிறது.

இப்போது பட்டியலை ஒருமுறை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். 41 வலது ஓரத்தில் இருக்கிறது, 53-உம் வலது ஓரத்தில்தான். இரண்டுக்கும் நடுவில் 47, அதுவோ கடைக்கு ஒட்டிய கட்டம். வண்டி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து மறுபடி ஓரத்துக்கே போகிறது. 41-இலிருந்து நேராக 53-க்குப் போனால் 2 கட்டம். 47 வழியாகப் போனால் 8. ஆக 47-ஐ அங்கிருந்து எடுத்தால் 6 மிச்சம். அதையே கடையில் கிளம்பியதும் முதல் நிறுத்தமாக வைத்தால் கூடுவது 2 கட்டம்தான். நிகரமாக 4 குறைந்து 32 கட்டம், 16 கி.மீ. ஆகிறது. எடுத்தால் எவ்வளவு மிச்சம், செருகினால் எவ்வளவு கூடுதல் என்ற இந்த ஒரே கணக்கை, பெரிய தாவல் தெரியும் ஒன்றிரண்டு இடங்களில் செய்து பார்ப்பதோடு காலை வேலை முடிந்தது.

47 ஏன் அப்படிப் போய் விழுந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த முறையின் பலவீனம் முழுவதும் பிடிபடும். அட்டவணையின் நடுக்கோட்டைப் பாருங்கள். 16-உம் 47-உம் ஒட்டியிருக்கின்றன, 15-உம் 48-உம் ஒட்டியிருக்கின்றன, ஆனால் எண்களில் வெகுதூரம். வளைகோடு அந்த நடுக்கோட்டை மேலே 31-க்கும் 32-க்கும் நடுவிலும், கீழே 63-க்கும் 0-க்கும் நடுவிலும் மட்டுமே தாண்டுகிறது. அடுத்தடுத்த எண்கள் எப்போதும் பக்கத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பவை அடுத்தடுத்த எண்களாக இருக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் பரவியிருந்தால் ஆகச் சிறந்த சுற்றைவிடச் சராசரியாகச் சுமார் 25 சதவீதம் நீளமாக வருவது இதனால்தான். மேலே செய்த திருத்தம் அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது.

இதே பலவீனத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம், இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பகுதிக்கு நடுவே ஆறோ, ரயில் பாதையோ, குறுக்கே கடக்க முடியாத பெரிய சாலையோ இருந்தால், சதுரத்தை நகர்த்தி, தேவைப்பட்டால் சாய்த்து, நடுக்கோடு அந்தத் தடையின் மேலேயே விழும்படி வைக்க வேண்டும். அப்போது வளைகோடு ஒரு கரையை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறு கரைக்குப் போகும். பாலமும் நடுக்கோட்டின் மேல் முனையிலோ கீழ் முனையிலோ இருந்தால் இன்னும் நல்லது. தடையைக் கவனிக்காமல் சதுரம் போட்டால், அக்கரைக்கும் இக்கரைக்கும் பாலத்தில் மாறிமாறிப் போகும் பட்டியல் வரும்; வண்டி ஒரே பாலத்தை ஒரு சுற்றில் மூன்று நான்கு முறை தாண்டினால் சதுரம் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இன்னொன்றும் உண்டு. நடுக்கோட்டில் தடை இருக்கும் கடைக்கு 47 உண்மையில் பக்கத்து வீடு இல்லை. அங்கே எண் சொல்வதுதான் சரி, வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் அருகாமைதான் பொய். அதனால் ஒன்றை இடம் மாற்றும் முன் வண்டி போகும் வழியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாள்பட்ட பயன்பாட்டில் வரும் பிழைகளில் அதிகமானவை வளைகோட்டால் வருவதில்லை, எண் கொடுத்த இடத்தால் வருகின்றன. வீடு இருக்கும் இடத்துக்கு எண் போடக் கூடாது, வண்டி நிற்கும் இடத்துக்குத்தான் போட வேண்டும். பெரிய குடியிருப்பின் பின்பக்கத்து வீடு 44-இல் இருந்தாலும் வாயில் 51-இல் இருந்தால் எண் 51. முகவரியைத் தட்டினால் சில நேரம் வரைபடச் செயலி சரியான வீட்டைக் கண்டுபிடிக்காமல் அந்தப் பேட்டையின் மையத்தில் குறியை வைத்துவிடும். வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த முகவரிகளுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. முதல் டெலிவரி முடிந்து வரும் வண்டிக்காரரிடம் எங்கே நிறுத்தினார் என்று கேட்டு எண்ணைத் திருத்தினால், அதற்குப் பிறகு அந்த முகவரி தொந்தரவு தராது.

நேரக் கட்டுப்பாட்டுக்கு இந்த முறையில் இடமே இல்லை. பத்து மணிக்குள் வேண்டும் என்பவர்களைப் பட்டியலில் முன்னே இழுத்தால் மற்ற ஒழுங்கு கலைந்துவிடும். காலை, மாலை என இரண்டு பட்டியலாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே எண் வரிசையில் ஓட்டுவது மேல். ஒன்றிரண்டு வீடுகளுக்கு மட்டும் அவசரம் என்றால் முதலில் சுற்றைத் தலைகீழாக ஓட்டிப் பாருங்கள். நீளம் ஏறக்குறைய மாறாது, ஆனால் கடைசியில் இருந்தவர் முதலில் வந்துவிடுவார். கனமான மூட்டைகள் எந்தப் பாதியில் அதிகம் என்று பார்த்தும் இப்படித் திசையைத் தேர்ந்தெடுக்கலாம், பளு சீக்கிரம் குறையும். வண்டியில் ஏற்றும்போது பட்டியலைக் கடைசியிலிருந்து படித்து ஏற்ற வேண்டும் என்பது திசை மாறிய நாளில்தான் மறந்துபோகும்.

இரண்டு வண்டி இருந்தால் பட்டியலை நடுவில் வெட்டினால் போதும். மேலே கண்ட நாளில் 41-க்கும் 47-க்கும் நடுவில் வெட்டினால் முதல் வண்டிக்கு 20, 25, 30, 35, 41; கடைக்குத் திரும்பும் வழியும் சேர்த்து 20 கட்டம், 10 கி.மீ. இரண்டாவது வண்டிக்கு 47, 53, 57, 2, 8. 18 கட்டம், 9 கி.மீ. ஒற்றைச் சுற்றில் இடைஞ்சலாக இருந்த 47, இங்கே இரண்டாம் வண்டி கிளம்பும் வழியிலேயே இருக்கிறது, நகர்த்தவே வேண்டியதில்லை. வெட்டும் இடத்தை வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் எடையையும் கூட்டிப் பாருங்கள். ஐந்து வீடுகளில் மூன்று வீட்டு ஆர்டர்கள் மாத மளிகையாக இருந்தால், எல்லைக் கோட்டை ஒரு வீடு முன்னே தள்ளினால் சரியாகிவிடும்.