"ரெண்டும் ஒண்ணுதான்" என்ற பேச்சை நம்பி மூக்கடைப்பை விலைக்கு வாங்கினேன்

எனக்குத் தூசி அலர்ஜி. காலையில் எழுந்தால் பத்துப் பதினைந்து தும்மல். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஃப்ளூட்டிகசோன், அலர்ஜியைத் தணிக்க மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. அது தீர்ந்ததும் தெருமுனை மெடிக்கலில் சீட்டை நீட்டினேன். "இது ஸ்டாக் இல்லண்ணே, இதை அடிங்க. ரெண்டும் ஒண்ணுதான், இது இன்னும் சீக்கிரம் கேக்கும்" என்று கடைக்காரர் வேறொரு பாட்டிலைக் கொடுத்தார்.

சீக்கிரம் கேட்டது உண்மைதான். அடித்த சில நிமிடத்தில் மூக்கு திறந்துகொண்டது. பழைய ஸ்பிரேயில் அந்த வேகத்தை நான் பார்த்ததே இல்லை, அதில்தான் மயங்கிவிட்டேன். தும்மலும் அரிப்பும் குறையவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் வாரம் படுக்கப்போகும்போது ஒருமுறை அடித்தேன். மூன்றாவது வாரம் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆனது. ஐந்தாவது வாரம் நடுராத்திரி மூன்று மணிக்கு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு தலையணைக்கு அடியில் பாட்டிலைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா அடிக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். நான் அடித்தது சைலோமெட்டாசோலின் 0.1%. மூக்குச் சவ்வின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வழிவிடும் மருந்து. அலர்ஜியை அது தொடாது. நாள் கணக்கில் அடித்தால், மருந்தின் வேகம் இறங்கும்போது சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்குத்தான் நான் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தால், பொடி எழுத்தில், தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. இதே வகை ஆக்சிமெட்டாசோலினுக்கு அமெரிக்க லேபிளில் 3 நாள்தான். ஃப்ளூட்டிகசோன் தாளில் நேர்மாறாக, தினமும் விடாமல் அடிக்கவேண்டும், முழுப்பலன் தெரியச் சில நாள் ஆகும் என்று போட்டிருக்கிறது. அதற்காக அதுவும் கணக்கில்லாமல் அடிக்கும் மருந்தல்ல. அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் பெட்டியில், பெரியவர்கள் தினமும் அடித்து 6 மாதம் ஆனால் டாக்டரைக் கேட்கச் சொல்லியிருக்கிறது.

டாக்டர் ஃப்ளூட்டிகசோனை மறுபடி ஆரம்பித்தார்: காலையில் ஒரு வேளை, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு முறை. நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும், நுனியைக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள் என்றார். மற்றதை முதலில் வலது மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார். அந்த வாரம் இடது பக்கம்தான் மூச்சு. வலது திறந்த பிறகு இடதிலும் நிறுத்தினேன். நிம்மதியாகத் தூங்க இரண்டு வாரம் ஆனது.

தாளை எடுத்துப்போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "எல்லாரும் இதைத்தாண்ணே கேட்டு வாங்குறாங்க" என்றார்.