வட்டி நாள்கணக்கு: உண்மை நாள்/365-ஆ, 30/360-ஆ?

ஆண்டு வட்டி 12% என்று இரண்டு ஒப்பந்தங்களிலும் இருந்தாலும், நாட்களை எண்ணும் முறை மாறினால் தொகையும் மாறும். உண்மை நாள்/365 என்பது நாட்காட்டியில் கடந்த நாட்களை அப்படியே எண்ணி 365-ஆல் வகுப்பது; 30/360 என்பது எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொள்வது. அசல் 10,00,000 என்று வைத்துப் பார்ப்போம்.

பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை (சாதாரண ஆண்டு):
உண்மை நாள்/365: 28 நாள், வட்டி 9,205.48.
30/360: 30 நாள், வட்டி 10,000.

ஜனவரி 1 முதல் பிப்ரவரி 1 வரை:
உண்மை நாள்/365: 31 நாள், 10,191.78.
30/360: அதே 10,000.

முழு ஆண்டுக்கு இரண்டும் 1,20,000-தான். லீப் ஆண்டில் மட்டும் முதல் முறை 366 நாளை எண்ணி 1,20,328.77 கேட்கும்.

சரி, சிக்கல் எங்கே? ஆண்டு நடுவில் கடனை அடைக்கும்போதுதான். 30/360-இல் 30-ஆம் தேதியிலிருந்து 31 வரை வட்டியே கிடையாது. பிப்ரவரி 28 முதல் மார்ச் 1 வரையோ, ஐரோப்பிய விதிப்படி 3 நாள். அமெரிக்க விதியில் மாதக் கடைசி நாளை 30 ஆக மாற்றினால் 1 நாள். வட்டி 1,000-ஆ 333.33-ஆ என்பது அந்த விதியைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் வெறும் ‘30/360’ என்றிருந்தால் எந்த விதி என்று கட்டாயம் கேளுங்கள்.

மாதாமாதம் ஒரே வட்டி வரவேண்டிய கடன் பத்திரத்துக்கு 30/360 வசதி. இருப்பு அடிக்கடி ஏறி இறங்கும் கணக்குக்கும், நினைத்த நாளில் அடைக்கும் கடனுக்கும் உண்மை நாள்/365-தான் நியாயம். பணம் கையில் இருந்த நாளுக்கு மட்டுமே வட்டி.