வற்புறுத்தலா, டாக்டர் வார்த்தையா, வெள்ளோட்டமா: "ஆள் வேண்டாம்" என்னும் அம்மாவிடம் எது எடுபட்டது?

விழுந்ததை அம்மா என்னிடம் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து நான் போனபோது தண்ணீர்த் தம்ளரை இடது கையால் எடுத்தார். வலது கையை மெல்லப் பிடித்துப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றி நீலம் பாரித்திருந்தது. விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் முக்கால் மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். வயது 78. தனியாக இருப்பவர்.

"டாக்டர்கிட்ட போலாம்மா."

"எலும்பு ஒண்ணும் உடையல. வேணாம்."

"சரி, கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆளாவது வெச்சுக்கலாம்."

"என் வீட்டுக்குள்ள யாரும் வர வேணாம். அவ்வளவுதான்."

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இதே பேச்சை எத்தனையோ குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் கையில் எடுக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்றுதான். விடாமல் வாதாடுவது, டாக்டர் வாயால் சொல்ல வைப்பது, சிறிதாக ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது. அடுத்த சில மாதங்களில் மூன்றையும் எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம்.

வாதாடுவது

அண்ணன் தொடங்கினான், நானும் சேர்ந்துகொண்டேன். "இடுப்பு உடைஞ்சா என்ன ஆகும் தெரியுமா, படுத்த படுக்கையா போயிடுவ" என்று அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வயதான காலத்து இடுப்பெலும்பு முறிவு ஆளையே சாய்த்துவிடக்கூடியது. தரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் தசை நசுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், படுக்கைப்புண் வரலாம், உடம்பில் நீர் வற்றிப்போகலாம். எல்லாம் உண்மை. ஆனால் நாங்கள் ஒன்று சொல்லச் சொல்ல, அதற்கு எதிராக ஒன்றை அம்மா தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பத்து தடவை சொன்னவருக்குப் பதினோராவது தடவை அதுவே நம்பிக்கையாகிவிடுகிறது. நாம் ஒரு பக்கம் இழுக்க இழுக்க அவர் மறுபக்கம் போய் நிற்பார். வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்நிக்கும் உருவாக்கிய, மனமாற்றத்துக்கான ஆலோசனை முறையே இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. மாற வேண்டிய காரணத்தை மாற வேண்டியவர்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது.

வாதத்தின் பெரிய நஷ்டம் வேறு. அதன் பிறகு அவர்கள் மறைக்கத் தொடங்குகிறார்கள். போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்பது முன்னைவிட வேகமாக வரும், பேச்சு சீக்கிரம் முடியும். விழுந்ததைச் சொன்னால் அடுத்து ஆள் வந்துவிடுவாள் என்று தெரிந்த பிறகு யார் சொல்வார்கள்? அம்மா இரண்டாவது முறை விழுந்ததை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் அறிந்தோம்.

டாக்டர் வாயால்

பிள்ளைகள் சொன்னால் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்பார் என்பது பாதி உண்மை. அந்த அறைக்குள் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்தபின் என்ன செய்கிறார் என்பதை மாத்திரை அட்டைதான் சொல்லும். தினம் ஒன்றாகப் போட வேண்டிய 30 மாத்திரையில் பத்து நாள் கழித்து 26 இருந்தால், அன்று கிடைத்தது சம்மதம் இல்லை, மரியாதை.

அதற்கும் முன்னால் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டுமே. இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் கவலையை வைத்துக் கூப்பிட்டால் வர மாட்டார், அவருடைய குறையை வைத்துக் கூப்பிட்டால் வருவார். விழுந்ததற்காக அம்மா கடைசிவரை வரவில்லை. ஒரு சாயங்காலம் எதையும் வலியுறுத்தாமல், "உனக்கு இப்ப எதும்மா ரொம்ப கஷ்டமா இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தூக்கமே இல்லடி. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன்" என்றார். "அதுக்கு ஒரு வழி இருக்கான்னு கேட்டுட்டு வரலாமா?" என்றேன். சரி என்றார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவருடைய குறைக்குத்தான் போனோம்.

போவதற்கு முந்தின நாளே டாக்டருக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். எப்போது விழுந்தார், என்னென்ன மாத்திரை, எந்த நேரத்தில், எதைச் சொன்னால் அம்மா சுருண்டுகொள்வார் என்று. அறையில் அம்மாவின் நாற்காலியை முன்னால் போட்டுவிட்டு நான் அரை அடி பின்னால் உட்கார்ந்தேன். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பிள்ளை முன்னால் உட்கார்ந்தால் டாக்டர் பிள்ளையிடம்தான் பேசுவார்.

டாக்டர் அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார். 138க்கு 80. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 112க்கு 70. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே அது கவனிக்க வேண்டிய இறக்கம். அம்மாவுக்கு மேல் அளவு 26 இறங்கியிருந்தது. காரணம் இரண்டு. நீர் பிரியும் மாத்திரையை அம்மா சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தார், அதனால்தான் இரவெல்லாம் எழுந்திருக்க வேண்டியிருந்தது. அப்படி எழுந்திருப்பதற்குப் பயந்து மதியத்துக்குமேல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். மாத்திரையைக் காலைக்கு மாற்றிய டாக்டர், பகலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் சொல்லி அனுப்பினார். (இதை நாமாக மாற்றக் கூடாது. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ போடுகிற மாத்திரையாக இருக்கலாம்.) கையையும் படம் எடுத்துப் பார்த்தார்கள், முறிவு இல்லை. கிளம்பும்போது, "என்ன செய்யப் போறீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று டாக்டர் கேட்டதும், அம்மா தன் வாயால் சொன்னதும்தான் அந்த மாத்திரையை ஒழுங்காகப் போட வைத்தன என்று நினைக்கிறேன்.

ஆக, மருத்துவ உதவியை மறுப்பவருக்கு டாக்டர் வழி நன்றாகவே எடுபடும், அவருடைய குறையிலிருந்து தொடங்கினால். ஆனால் வீட்டுக்குள் ஆள் வைப்பதற்கு அது எடுபடவில்லை. "ஒரு ஆள் வெச்சுக்கோங்கம்மா" என்று அதே டாக்டர் சொன்னதற்கு அம்மா புன்னகைத்தார். வாசலைத் தாண்டியதும், "அவருக்கென்ன, சொல்லுவார்" என்றார். மாத்திரையை விழுங்க ஒரு நொடி போதும், ஒரு அந்நியரோடு நாள்முழுக்க இருப்பது அப்படியா?

வெள்ளோட்டம்

"ஆள் வேணாம்" என்பது ஒரே மறுப்பு மாதிரி கேட்கும், உள்ளே பிரித்தால் பலது இருக்கும். எது வேண்டாம் என்று கேட்டபோது அம்மாவிடமிருந்து இரண்டு வந்தன. முன்பின் தெரியாதவள் முன்னால் குளிக்கக் கூச்சம். அடுத்ததைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னிக்கு ஆள் வெப்பீங்க. நாளைக்கு என்னைக் கொண்டுபோய் எங்கயாவது விடுவீங்க." இது தெரியாமல் ஐந்து மாதம் இடுப்பெலும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அதனால் கேட்டதைச் சிறிதாக்கினோம். இரண்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும். குளியல் அறவே கிடையாது, வீட்டு வேலை மட்டும். வருபவரைத் தேர்ந்தெடுப்பது அம்மா. இரண்டு வாரம் முடிந்ததும் "வேணாம்" என்றால் நிறுத்திவிடுவோம், அதன்பின் ஒரு மாதம் பேச்சே எடுக்க மாட்டோம். "எனக்காக ஒத்துக்கோம்மா, ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வரல" என்றும் சொன்னேன், அது நிஜம். ஏற்றுக்கொள்பவராக மட்டும் இருந்தவரைக் கொடுப்பவராகவும் ஆக்கியது அந்த ஒரு வரிதான்.

முதலில் வந்தவர் நல்லவர், ஆனால் கேட்காமல் கையைப் பிடித்து எழுப்பினார். இரண்டாம் நாளே அம்மா அவரை வேண்டாம் என்றார். அன்றே மாற்றினோம், ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளோட்டத்தின் உயிரே இதில்தான். "வேணாம்" என்ற சொல்லுக்கு ஒரு தடவை உண்மையான மதிப்பு கிடைத்ததும் அம்மாவின் பிடி தளர்ந்தது. அடுத்து வந்த பெண் முதல் வாரம் துணி மடித்தாள், பேச்சுக் கொடுத்தாள். நான்காவது வாரம் அம்மாவே, "நான் குளிக்கும்போது வெளியில நில்லு, தாழ்ப்பாள் போடல" என்றார். அதற்குப் பிறகு துண்டை நீட்டுவது, இன்னும் இரண்டு வாரத்தில் முதுகு தேய்ப்பது என்று தானாக வந்தது.

இதன் குறை, நேரம் எடுக்கும். இடையில் இன்னொரு தடவை விழலாம். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி, குளிக்க உட்காரும் நாற்காலி ஆகியவற்றை முதல் வாரமே போட்டுவிட வேண்டும். இவற்றைப் பொருள் என்றுதான் பார்க்கிறார்கள், ஆளைப் போல எதிர்ப்பதில்லை.

நான்காவதாக ஒரு வழியும் சிலர் சொல்வார்கள். "என் சிநேகிதி, கொஞ்ச நாள் தங்குவா" என்று பொய் சொல்லி ஆளை உள்ளே விடுவது, கோவிலுக்கோ கடைக்கோ என்று கிளப்பி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது. நல்ல புத்தியோடு இருக்கும் பெற்றோரிடம் இதைச் செய்யாதீர்கள். தெரிந்துவிடும். தெரிந்த பிறகு உண்மையில் கடைக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

இந்த ஒப்பீடே பொருந்தாத இடங்கள்

ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பிப் பேசினாலும், ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலும், நெஞ்சு வலித்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர் தலையில் அடிபட்டாலும் இணங்க வைக்கும் பேச்சுக்கு நேரம் இல்லை. உடனே ஆம்புலன்ஸ்.

மறதி நோய் இருப்பவர் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றால் அது பிடிவாதம் இல்லை. தன் குறையைக் காணும் திறனையே மூளை இழந்திருக்கலாம். அவரிடம் ஒப்பந்தம் போட்டாலும் நாளைக்கு நினைவிருக்காது. "எதுக்கு இனிமே, போதும்" என்று திரும்பத் திரும்ப வந்தால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும், அதற்கு வைத்தியம் உண்டு. காது மந்தமானவர் கேள்வி புரியாமலே "வேணாம்" என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன்.

மறுப்பது அவருடைய முடிவுதானா என்று பார்க்க மருத்துவர்கள் நான்கு விஷயங்களைக் கவனிப்பார்கள். சொன்னது புரிகிறதா, அது தனக்குப் பொருந்தும் என்று உணர்கிறாரா, இதைச் செய்தால் இது என்று எடைபோட முடிகிறதா, ஒரு முடிவைத் தெளிவாகச் சொல்கிறாரா. நான்கும் இருந்தால், நமக்கு எவ்வளவு தவறாகப் பட்டாலும் அது அவருடைய முடிவு.

அம்மாவிடம் நான்கும் இருக்கின்றன. அந்தப் பெண் இப்போது தினமும் காலையில் வருகிறாள். இரவில் தங்க மட்டும் அம்மா இன்றுவரை ஒப்பவில்லை. பேசிப் பார்த்தோம், "வேணாம்" என்றார், விட்டுவிட்டோம். பதிலுக்கு மணிக்கட்டில் ஒரு அலாரப் பட்டன் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது. காலை ஆறரைக்கு நான் போன் செய்கிறேன், மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறார்.