சார்ட்டின் வலப்பக்கத்தை எதைக் கொண்டு மறைப்பது: அட்டையா, F12-ஆ, ரீப்ளேயா, தேதி அழித்த கோப்பா?

பழைய சார்ட்டில் பிறகு வந்த விலையை மறைத்துவிட்டு, அடுத்து என்ன என்று கணித்துப் பழகுவதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலில் அட்டை. நிஃப்டியின் தினசரி சார்ட்டைத் திறந்து, 2020 ஜனவரியிலிருந்து ஜூன் வரை திரையில் தெரியும்படி வையுங்கள். பிப்ரவரி 20-க்கு வலப்பக்கம் இருப்பதை எல்லாம் ஓர் அட்டையால் மூடுங்கள். மிச்சம் தெரிவது, ஒரு நாளின் விலைக்கு ஒன்று என 40-க்குச் சற்றுக் குறைவான கேண்டில்கள். ஜனவரி 20 அன்று 12,430 என்ற உச்சம். பட்ஜெட்டை ஒட்டி 11,600 பக்கம் வரை ஓர் இறக்கம். அங்கிருந்து 12,247 வரை ஏறிவிட்டு, பிப்ரவரி 20 அன்று 12,081-இல் முடிவு.

இதைப் பார்க்கும் பலருக்கும் "பழைய உச்சத்தைத் தொட முடியவில்லை, இது விற்க வேண்டிய இடம்" என்றுதான் தோன்றும். அட்டையை எடுத்தால் மார்ச் 24-இல் 7,511. அடடா, என்ன துல்லியம்!

துல்லியம் ஒன்றுமில்லை. அட்டை வலப்பக்கத்தை மறைத்ததே தவிர, விலை அளவுகோலை மறைக்கவில்லை. திரையில் ஆறு மாதமும் இருப்பதால், மென்பொருள் 7,511 முதல் 12,430 வரை முழுவதும் அடங்கும்படி உயரத்தைப் பிரித்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடப்பகுதியின் வீச்சு சுமார் 830 புள்ளிதான். மொத்த வீச்சோ 4,900 புள்ளிக்கு மேல். அதாவது தெரிகிற கேண்டில்கள் எல்லாம் திரையின் உச்சியில், ஆறில் ஒரு பங்கு உயரத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கீழே அவ்வளவு வெற்றிடம் எதற்கு? விலை அங்கே போகப்போகிறது, அதற்குத்தான். மூளை இதை வார்த்தையாகச் சொல்லாது, ஆனால் கண் பார்த்துவிடும். அச்செடுத்த சார்ட்டானாலும் இதே கதைதான்.

அட்டை முறையை நான் இரண்டு வருடம் செய்தேன். என் கணிப்பு நன்றாக இருப்பதாக நோட்டில் பெருமையாக எழுதியும் வைத்தேன். ஒருநாள் அளவுகோல் விஷயம் பிடிபட்டதும் அந்த நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

அட்டையின் இன்னொரு ஓட்டை, விலையை வைத்துக் கணக்கிட்டுச் சார்ட்டின் மேல் வரையும் இண்டிகேட்டர்கள். இச்சிமோகு போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதில் சிகோ ஸ்பான் என்ற கோடு அன்றைய முடிவு விலையை 26 கேண்டில் பின்னால் தள்ளி வரைகிறது. ஆகவே அட்டைக்கு இடப்பக்கத்தில் உள்ள கடைசி 26 கேண்டில்களின் மேல் ஓடும் அந்தக் கோடு, அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விலைகளேதான். விடைத்தாளை வினாத்தாள் மேலேயே ஒட்டியதுபோல. உச்சங்களையும் பள்ளங்களையும் கோட்டால் இணைக்கும் ஜிக்ஜாகும் அப்படித்தான்: ஓர் உச்சம் உச்சம்தான் என்று பின்னால் வந்த இறக்கத்தைப் பார்த்த பிறகே அது அங்கே முனையைப் போடும். அட்டைக்கு ஒட்டி இடப்பக்கம் ஒரு முனை தெரிந்தால், அடுத்து என்ன என்பது சொல்லியாயிற்று.

இதில் பாதியைச் சரிசெய்யும் பழைய வழி மெட்டாடிரேடர் என்ற சார்ட் மென்பொருளில் இருக்கிறது. தானாக வலப்பக்கம் ஓடும் வசதியை அணைத்துவிட்டு, Enter தட்டி, வேண்டிய தேதியை அடித்து அங்கே போகலாம். அதன்பின் F12 ஒருமுறை அழுத்தினால் ஒரு கேண்டில் வரும். அளவுகோல் திரையில் உள்ள கேண்டில்களுக்கு மட்டும் பொருந்துவதால் அந்த வெற்றிடத் துப்பு போய்விடும். ஆனால் இண்டிகேட்டர்கள் முழுத் தரவையும் வைத்தே கணக்கிடப்பட்டிருக்கும். சிகோ ஸ்பானும் ஜிக்ஜாகும் பழையபடி காட்டிக் கொடுக்கும். வெறும் கேண்டிலும் நகரும் சராசரியும் போதும் என்பவர்களுக்கு இது தாராளம். தேதி அடிக்கச் சோம்பல்பட்டு எலியால் இழுத்துப் பின்னே போனால் மட்டும் போச்சு, வழியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் போவீர்கள்.

டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தின் Bar Replay இன்னும் ஒரு படி மேல். பழைய தேதி ஒன்றில் சார்ட்டை வெட்டி, அங்கிருந்து கேண்டில் கேண்டிலாக ஓட்டலாம். வெட்டிய இடத்துக்குப் பின்னால் உள்ள தரவு சார்ட்டுக்கே தெரியாது. அளவுகோல் இடப்பகுதிக்கு மட்டும் அமையும். இண்டிகேட்டர்கள் அதுவரை உள்ள விலைகளை வைத்தே கணக்கிடப்படும்; சிகோ ஸ்பான் 26 கேண்டில் முன்பாகவே நின்றுவிடும், ஜிக்ஜாகின் கடைசிக் கால் தடுமாறிக்கொண்டே இருக்கும். நேரடிச் சந்தையில் அது எப்படி ஆடுமோ அப்படி.

அதே பிப்ரவரி 20-ஐ இதில் வெட்டிப் பார்த்தால் படம் வேறு. இப்போது 11,600 திரையின் அடியில், 12,430 உச்சியில், விலை ஏறக்குறைய நடுவில். விற்கச் சொல்லும் அவசரம் எதுவும் தெரியாது. நேர்மையாக எழுதினால் இப்படித்தான் எழுத முடியும்: "12,247-க்கு மேல் முடிந்தால் வாங்கலாம், 11,600-க்குக் கீழே முடிந்தால் விற்கலாம், நடுவில் வேலை இல்லை." ஒவ்வொரு கேண்டிலாக விடுங்கள். 24-ஆம் தேதி 11,829. அப்புறம் 11,798, 11,679, 11,633. 11,600 என்ற கோடு இன்னும் உடையவில்லை. 28-ஆம் தேதி 11,202. உங்கள் கோட்டுக்கு 400 புள்ளி கீழே போய்த்தான் சந்தை உங்களுக்குச் சேதி சொல்கிறது. அங்கே விற்றால், மார்ச் 3 அன்று 11,303-இல் முடிந்து நட்டம் காட்டும். நட்டத்தோடு வெளியேற முன்பே குறித்த விலையான ஸ்டாப்லாஸை நெருக்கி வைத்திருந்தால் வெளியே வந்திருப்பீர்கள், பெரிய சரிவு அதற்குப் பிறகுதான் வந்தது. அட்டையில் 12,081-க்கு விற்ற கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே சார்ட், ஒரே ஆள்.

ரீப்ளேயிலும் ஓட்டை உண்டு. அது வெட்டும் நேரத்தில். கத்தரிக்கோல் கோட்டை வைக்கிற நொடியில் முழுச் சார்ட்டும் கண்முன் இருக்கிறது. கை தானாக ஒரு "சுவாரசியமான" இடத்துக்குப் போகும், அதாவது பிறகு பெரிதாக ஏதோ நடந்த இடத்துக்கு. அதனால் பயிற்சியில் வருவதெல்லாம் பெரிய நகர்வுகளாக இருக்கும். ஒன்றுமே நடக்காத மூன்று வாரங்கள் வரவே வராது. நிஜத்தில் அதிகம் வருவது அவைதான். தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் Random bar என்று ஒன்று இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

ரீப்ளே மறைக்காத இன்னொன்று, பின்னாளில் திருத்திய விலை. ரிலையன்ஸ் 2024 ஜூலையில் 3,217 வரை போனது. அக்டோபரில் ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம் என்று ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்து, பழைய விலைகள் பாதியாகத் திருத்தப்பட்டதால், இன்றைய சார்ட்டில் அந்த உச்சம் 1,608 என்று நிற்கும். ஜூலையில் சார்ட்டைப் பார்த்தவருக்கு 3,000 என்ற முழு எண் கண்ணில் பட்டது. இன்று ரீப்ளே செய்பவருக்கு அந்த இடம் 1,500. முழு எண்களை விலை தாங்கி நிற்கும் சப்போர்ட்டாக வைத்து விளையாடுபவர்கள் பயிற்சி செய்வது அப்போது இல்லாத ஒரு சார்ட்டில்.

அப்புறம், நினைவு. ரீப்ளேயில் தேதி தெரிகிறது. நிஃப்டியை 2024 ஜூன் 3-இல் வெட்டினால், 23,264 என்ற புதிய உச்சத்தில் முடிந்த வலுவான ஏற்றம் தெரியும். ஆனால் மறுநாள் தேர்தல் முடிவு, நிஃப்டி 21,885-இல் முடிந்தது என்பதை மறந்த டிரேடர் யார்? அங்கே "எச்சரிக்கையாக இருப்பேன்" என்று எழுதினால் அது சார்ட் வாசிப்பு இல்லை, ஞாபகசக்தி.

இதற்கு மருந்து நான்காவது வழி: தேதியையும் பெயரையும் விலையையும் அழித்துவிட்டுப் பார்ப்பது. நண்பர் ஒருவரிடம் கொடுத்து எக்செல்லில் செய்யச் சொல்லலாம். ஆள் கிடைக்காவிட்டால், தரவிறக்கிய தினசரி விலைக் கோப்பை data.csv என்று வைத்து, இந்தச் சில பைதான் வரிகள் போதும்:

```python
import pandas as pd, random
d = pd.read_csv("data.csv")[["Open","High","Low","Close"]]
s = random.randrange(len(d) - 180)
w = d.iloc[s:s+180].reset_index(drop=True)
w = w / w["Close"].iloc[0] * 100
w.iloc[:120].to_csv("left.csv")
w.iloc[120:].to_csv("right.csv")
```

ஏதோ ஓர் இடத்திலிருந்து 180 நாள் எடுத்து, முதல் நாளின் முடிவு விலையை 100 ஆக்கி, 120 நாளை ஒரு கோப்பிலும் மீதி 60 நாளை வேறொன்றிலும் போடுகிறது. முதல் கோப்பை மட்டும் வரைந்து பார்க்க வேண்டும். 100-க்கு அடிப்படையாக முதல் நாளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. மொத்த 180 நாளின் உச்சத்தை 100 ஆக்கினால் அட்டையின் அதே அளவுகோல் துப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும். தரவிறக்கிய கோப்பில் புதிய தேதி மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முதலில் தலைகீழாகத் திருப்ப வேண்டும். நான் ஒரு வாரம் காலத்தைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டிருந்தேன், கேண்டில் நிறம் எல்லாம் சரியாகவே தெரிந்ததால் சந்தேகமே வரவில்லை. அடுத்தடுத்த நாட்களின் முடிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவே மட்டும் விநோதமான தாவல்கள் இருந்தன.

இந்த வழியின் விலை: முழு எண்கள் போய்விடும், செய்திச் சூழல் போய்விடும். நிஜத்தில் தேர்தல் முடிவு நாளை என்பது ஜூன் 3 அன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. அதையும் அழித்துவிட்டுப் படிப்பது கொஞ்சம் செயற்கைதான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இது சுத்தமாகப் பதில் சொல்லும்: இந்த வடிவங்களில் எனக்கு உண்மையில் ஏதாவது தெரிகிறதா, இல்லையா?

என் கணக்கில், புதிதாக வருபவர் அட்டையை விட்டுவிடலாம். கேண்டில் கேண்டிலாக முடிவெடுத்துப் பழக ரீப்ளே, அதுவும் Random bar வைத்து. மாதத்துக்கு ஒருமுறை 30 அழித்த சார்ட்டுகளை எடுத்துத் தன்னையே சோதித்துப் பார்க்கலாம். வலப்பக்கம் உண்மையிலேயே இல்லாத ஒரே சார்ட் இன்றைய சார்ட்தான் என்பதும் சரி. ஆனால் தினசரிக் கேண்டிலில் 20 கேண்டில் பார்க்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பழக்கத்துக்கு அந்த வேகம் போதாது.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு விஷயம் வேண்டும். அடுத்த கேண்டிலை விடுமுன் எந்த விலை வந்தால் நான் சொன்னது தவறு என்று பேனாவால் எழுத வேண்டும். மனதில் வைத்தால் அது நகரும். தினசரிக் கேண்டில் ஒன்றிலேயே ஸ்டாப்லாஸும் இலக்கும் இரண்டும் தொடப்பட்டிருந்தால், எது முதலில் நடந்தது என்று அந்தக் கேண்டிலை வைத்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நோட்டில் நட்டம் என்றே எழுதுங்கள்.