"பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணா": காரணம் சொல்லாமல் சம்பள உயர்வு கேட்பவருக்கு எந்தப் பதில் சரி?

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொள்வோம். முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். டிஸ்பேட்ச் பார்க்கும் இளைஞர் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. சம்பளம் 20,000 ரூபாய். ஜூலை மாதம் ஒரு சாயங்காலம், முதலாளி கிளம்பும் நேரம் பார்த்து வந்து நிற்கிறார்.

"அண்ணா, சம்பளம் கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணா."

"ஏன் தம்பி, என்னாச்சு?"

"இல்லண்ணா, எல்லாச் செலவும் ஏறிப்போச்சு. கட்டுப்படியாகலை."

இதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எவ்வளவு வேண்டும், ஏன் இப்போது, வேலையில் என்ன கூடியிருக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் சம்பள உயர்வு பெரும்பாலும் இப்படித்தான் கேட்கப்படுகிறது. இதற்கு முதலாளிகளும் மேனேஜர்களும் சொல்லும் பதில்கள் நாலு வகை. நாலையும் இதே இளைஞரை வைத்துப் பார்க்கலாம்.

"தீபாவளிக்குப் பார்க்கலாம்"

இதுதான் அதிகம் சொல்லப்படும் பதில். கேட்டவரின் முகத்தை முறிக்காமல் அனுப்பிவிடலாம் என்பது இதன் வசதி. ஆனால் தீபாவளிக்கு வருவது போனஸ். போனஸ் கவரைக் கையில் வாங்கும்போது, இதுதான் அன்றைக்குச் சொன்ன உயர்வா, அது தனியாக வருமா என்று அவருக்குத் தெரியாது. மறுபடி வாய்விட்டுக் கேட்கவும் கூசும். முதலாளி அதற்குள் மறந்திருப்பார். அப்புறம் பொங்கல் முடிந்த கையோடு, "வேற இடத்துல சொல்லியிருக்காங்கண்ணா" என்று ஒருநாள் வந்து நிற்பார். தள்ளிப்போட்ட முதலாளிக்கு அது திடீரென்று நடந்ததாகத் தோன்றும். அவரோ ஜூலையிலேயே சொல்லிவிட்டார்.

"முடியாது" என்று நேராகச் சொல்வது இதைவிட மேல். கேட்டவர் தன் வழியை அன்றைக்கே யோசிக்கத் தொடங்கலாம்.

"சரி, ஆயிரம் போட்டுக்கோ"

மனசு இளகிய முதலாளியின் பதில் இது. செலவும் பெரிதில்லை. மாதம் 1,000 ரூபாய், அதன்மேல் முதலாளி பங்கு இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ஆக 32 ரூபாய் 50 காசு. பி.எஃப்.பை 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கட்டும் நிறுவனமாக இருந்தால் அதில் மாற்றம் எதுவும் இல்லை. வருடத்துக்கு 12,390 ரூபாயில் முடிந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆயிரம் எதற்குக் கொடுக்கப்பட்டது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கேட்டதற்காகத்தான் கிடைத்தது என்பது மட்டும் மறுநாள் டீ நேரத்துக்குள் ஷாப் முழுக்கத் தெரிந்துவிடும். வாய் திறந்து கேட்கிறவருக்கு ஒரு சம்பளம், பேசாமல் வேலை பார்க்கிறவருக்கு ஒரு சம்பளம் என்று ஆகிவிடும். லேத்தில் பத்து வருடமாக நிற்கிறவர் இதைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்? கேட்கவே கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே 2,500 ரூபாய் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், இந்த ஆயிரத்தால் அவர் தங்கப் போவதில்லை, கிளம்புவது சில மாதம் தள்ளிப்போகும்.

"என்ன செஞ்சேன்னு எழுதிக்கிட்டு வா"

இது ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் பழக்கம். அங்கே வருடா வருடம் தன் வேலையைத் தானே மதிப்பிட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி, மெர்ச்சண்டைசர் மாதிரி, எத்தனை ஆர்டர், எவ்வளவு வசூல் என்ற கணக்கைத் தானே வைத்திருப்பவரிடம் இதைக் கேட்பது நியாயம். அவரால் ஒரே ராத்திரியில் எழுதிவிட முடியும்.

நம் டிஸ்பேட்ச் தம்பியிடம் கேட்டால் என்ன ஆகும்? அவர் வேலையின் கணக்கு அவர் கையில் இல்லை. அது கம்பெனியின் பில் புத்தகத்திலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. தவிர, "தவறே இல்லாமல் அனுப்பினேன்" என்பதைச் சாதனையாக எழுத அவருக்குத் தோன்றாது. சரியாக நடந்த டிஸ்பேட்ச் யார் கண்ணிலும் படுவதில்லை, தப்பாகப் போன லோடுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டுக்குப் போய் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, எழுதாமலே விட்டுவிடுவார். முதலாளியும் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார். நன்றாக எழுதத் தெரிந்தவர் நன்றாக வேலை செய்கிறவராகவும் இருக்க வேண்டும் என்பதில்லையே.

கேட்டு, தேடிப் பார்த்து, தேதி சொல்லிப் பதில் தருவது

எனக்குச் சரியென்று படுவது இதுதான். காரணத்தைத் தேடும் வேலையை முதலாளியே எடுத்துக்கொள்வது. ஆவணங்கள் அவரிடம்தானே இருக்கின்றன. அன்றைக்குச் சாயங்காலம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "கேட்டது நல்லதாப் போச்சு தம்பி. நானும் கணக்கெல்லாம் பார்க்கறேன். இருபதாம் தேதி உட்கார்ந்து பேசலாம்." தேதியைச் சொல்லாமல் விட்டால் இது முதல் பதிலாகவே மாறிவிடும்.

அங்கேயே ரெண்டு கேள்வி கேட்கலாம். நெருக்கும் செலவு ஒருமுறை வருவதா, மாதாமாதம் வருவதா? சேர்ந்தபோது இல்லாத எந்த வேலையை இப்போது செய்கிறாய்? "வேற எங்கயாவது கூப்பிட்டாங்களா" என்று மட்டும் கேட்கக் கூடாது. வெளியே ஆஃபர் வாங்கி வந்தால்தான் இங்கே சம்பளம் ஏறும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

முதல் கேள்விக்கு வரும் பதிலே சில சமயம் விஷயத்தை முடித்துவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் 36,000 ரூபாய், அதற்கு நகையை அடகு வைத்திருக்கிறார் என்றால், அவருக்கு இப்போது அவசரமாக வேண்டியது முன்பணம். வட்டியில்லாமல் 36,000 கொடுத்து, மாதம் 3,000 வீதம் ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். சம்பளத்தில் ஆயிரம் ஏற்றியிருந்தால் அந்த நகையை மீட்க அவருக்கு மூணு வருடம் ஆகும். ஆனால் முன்பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காகச் சம்பளக் கேள்வியை மூடிவிடக் கூடாது. அது தனி, இது தனி.

அடுத்தது ஆவணங்கள். அரை நாள் போதும். லாரியில் போகும் சரக்கோடு இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணம் இ-வே பில். அதன் போர்ட்டலைத் திறந்து பார்த்தால், ரெண்டு வருடமாக எல்லா பில்லும் இவருடைய லாகினில் போடப்பட்டிருக்கிறது. முன்பு அதைச் செய்துகொண்டிருந்த அக்கவுண்ட்ஸ் பெண் கல்யாணமாகிப் போனபோது, "தற்காலிகமா நீ பாரு" என்று சொன்னதோடு சரி. அவர் இடத்துக்கு ஆளும் போடவில்லை, இவருக்குச் சம்பளமும் ஏற்றவில்லை. அது சின்ன வேலை இல்லை. பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். லாரி வழியில் நின்று பில் காலாவதியானால் நேரத்துக்கு நீட்டிக்க வேண்டும். தப்பான பில்லோடு வண்டி பிடிபட்டால் வரியைப்போல் ரெண்டு மடங்கு அபராதம் வரைக்கும் போகலாம். அப்படி ஒரு வண்டியும் நிற்கவில்லை என்பது தினமும் ஒருவர் கவனமாகப் பார்ப்பதால் நடப்பது.

கிரெடிட் நோட் ஃபைலையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சரக்கு மாறிப் போனது, எண்ணிக்கை குறைந்தது என்று பார்ட்டிகளுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை இவர் வந்த பிறகு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? இவர் வாயால் சொல்லத் தெரியாத காரணம் அந்த ஃபைலில் இருக்கும். கேட்டதற்கு எதிரான காரணமும் அதிலேயே இருக்கலாம்.

கடைசியாக, இதே வேலைக்குப் புதிதாக ஆள் தேடினால் என்ன கேட்பார்கள் என்று பக்கத்து யூனிட்டுகளில் விசாரிக்கலாம். 22,000 கேட்கிறார்கள், வந்தாலும் பார்ட்டி பேரும் பார்சல் சர்வீஸ் ஆபீஸும் பழக மூணு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இவர் ரெண்டு பேர் வேலையில் ஒன்றரை பார்க்கிறார். 22,500 நியாயமான தொகை.

இங்கேதான் ஒரு இடறல் காத்திருக்கிறது. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 ரூபாய். இவருக்கு இ.எஸ்.ஐ. கணக்கில் வரும் சம்பளம் இப்போது 20,000. அது 22,500 ஆனால் வரம்பைத் தாண்டிவிடுவார். ஆகஸ்டில் உயர்த்தினால், நடக்கிற சந்தா காலம் முடியும் செப்டம்பர் 30 வரை 22,500-க்கே சந்தா பிடிக்க வேண்டும். அக்டோபரிலிருந்து சந்தா நின்றுவிடும். அந்தச் சந்தாவுக்கான மருத்துவ வசதி அடுத்த ஜூன் 30 வரை இருக்கும், அதோடு சரி. அவருக்கு மிச்சமாவது 0.75 சதவீதச் சந்தா, அதாவது மாதம் 170 ரூபாய் சுமார். வீட்டில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கும் அப்பா இருந்தால், அந்தக் குடும்பம் இழப்பது அதைவிடப் பல மடங்கு. வயதான பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் பிரீமியம் எவ்வளவு வரும் என்று விசாரித்தவர்களுக்குத் தெரியும். இதைச் சொல்லாமல் 22,500 போட்டுக் கொடுத்தால், அடுத்த வருடம் அவர் வாங்கிய உயர்வு மருந்துக் கடைக்குப் போகும்.

அதனால் இருபதாம் தேதி உட்காரும்போது ரெண்டு வழியையும் அவர் முன் வைக்கலாம். சம்பளம் 21,000, இ.எஸ்.ஐ. தொடரும். சரியாக 21,000 வரைக்கும் வரம்புக்குள்தான். அல்லது 22,500, கூடவே குடும்பக் காப்பீட்டின் பிரீமியத்தைக் கம்பெனி கட்டும். இ.எஸ்.ஐ.க்குக் கட்டிவந்த மாதம் 650 ரூபாய் கம்பெனிக்கு மிச்சமாவதால் பிரீமியத்தில் ஒரு பகுதி அதிலேயே வந்துவிடும். வரம்பைத் துளி தாண்டும் 21,300 மாதிரித் தொகைதான் மோசம், ரெண்டு பலனும் கிடைக்காது. வரம்புக்குக் கீழே காட்டுவதற்காக மிச்சத்தைக் கணக்கில் வராமல் கையில் கொடுப்பதும் வேண்டாம். ஆய்வில் கேள்வி வந்தால் மாட்டுவது கம்பெனி. பி.எஃப்., கிராஜுட்டி, வங்கிக் கடன் என்று எதிலும் அவருக்கு அந்தப் பணம் சம்பளமாகக் கணக்காகாது.

எந்த வழியை எடுத்தாலும், இ-வே பில் வேலைக்காகவும் சேர்த்து இந்த உயர்வு என்று ஒரு வரி எழுதிக் கடிதமாகக் கொடுக்க வேண்டும். லேத்தில் நிற்கிறவர் வந்து கேட்டால் காட்ட ஒரு காரணம் இருக்கும். அவருடைய ஃபைலையும் எடுத்துப் பார்க்க வேண்டியது அடுத்த வேலை, அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

தேடிப் பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்? வேலை கூடவில்லை, கிரெடிட் நோட்டுகள் ஏறியிருக்கின்றன, வெளிச்சம்பளமும் 20,000-தான் என்று வந்தால், "இப்போ முடியாது தம்பி" என்று அதே தேதியில் சொல்லிவிட வேண்டும். ஃபைலை அவர் பக்கம் திருப்பி, எந்தெந்தப் பார்ட்டிக்குச் சரக்கு மாறிப் போனது என்று காட்ட வேண்டும். "மார்ச் வரைக்கும் இது பாதியாக் குறைஞ்சா ஏப்ரல்ல இவ்வளவு ஏத்தறேன்" என்று தொகையோடு சொல்ல வேண்டும். ஏப்ரலில் அவர் வந்து நிற்கும்போது, காரணம் சொல்லத் தெரியாதவராக இருக்க மாட்டார்.