ஒலிக்குறிப்பு: தனிப் பத்தியிலா, வசனத்துக்கு நடுவிலா?

பத்து நிமிட வானொலி நாடகத்தில் ஒரு காட்சி: மழை, கதவு தட்டல், "யாரது?"

ஒரே பத்தியில்: (கதவு மூன்று முறை தட்டப்படுகிறது) கமலா: யாரது?
இரு பத்தியில்: இடப்பக்கம் "ஒலி 4: கதவு, 3 தட்டு, மழை தாழட்டும்", வலப்பக்கம் அதே வரிசையில் "கமலா: யாரது?"

ஒலிப்பதிவில்: முதலாவதில் ஒலி இயக்குபவர் வசனம் முழுவதையும் துழாவ வேண்டும், மழையைத் தாழ்த்த மறந்தால் கமலாவின் குரல் அமுங்கிவிடும். இரண்டாவதில் இடப்பக்கம் மட்டும் பார்த்தால் போதும். "ஒலி 4 மறுபடி" என்றாலே எல்லோருக்கும் இடம் புரியும்.

திருத்தத்தில்: முதலாவது சுலபம். இரண்டாவதில்தான் வம்பு. இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்திருந்தால், ஒரு வரி சேர்த்ததும் கீழே உள்ள குறிப்பெல்லாம் வேறு வசனத்துக்கு நேராகப் போய் நிற்கும். அட்டவணை போட்டு, ஒரு குறிப்புக்கு ஒரு வரிசை என்று வையுங்கள்; வரிசை பக்கம் தாண்டி உடையாதபடி அமையுங்கள்.

தாள்: இரண்டாவது கூடுதலாகப் பிடிக்கும். பக்கத்தை எண்ணி நேரம் கணிக்காமல், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எழுதும்போதும் ஒத்திகையிலும் ஒரே பத்தி. வசனம் உறுதியானபின், நேரடி ஒலியோடு பதிவென்றால் இரு பத்தி. ஒலியைப் பிறகு கணினியில் சேர்ப்பதானால் ஒரே பத்தியே போதும்.